பூண்டு அரைத்த ஜாரில் பாயசத்துக்கு ஏலக்காய்

இஞ்சி பூண்டு விழுது அரைத்த சின்ன ஜாரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறோம். மறுநாள் அதே ஜாரில் பாயசத்துக்கு ஏலக்காயும் சர்க்கரையும் போட்டுப் பொடித்து மூடியைத் திறந்தால், ஏலக்காய்க்கு முன்னால் பூண்டு வந்து மூக்கில் ஏறுகிறது. ஜாரின் உட்புறமோ பளபளவென்று இருக்கிறது. சரியாகக் கழுவவில்லையோ என்று மறுபடி கம்பி நாரை எடுத்து அந்த எவர்சில்வரையே தேய்க்கிறோம். வாடை அங்கே இல்லவே இல்லை. எவர்சில்வர் எதையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளாது. அதன் மேல் எண்ணெய்ப் படலமாக ஒட்டியிருப்பது ஒரு சொட்டு சோப்பிலேயே போய்விடும்.

வாடை தங்குமிடங்கள் மூன்றுதான். முதலாவது மூடிக்குள் பதிந்திருக்கும் ரப்பர் வளையம். கடைக்காரர்கள் இதை வாஷர் என்றோ கேஸ்கெட் என்றோ சொல்வார்கள். இரண்டாவது, பிளேடுக்கும் ஜாரின் தரைக்கும் நடுவே இருக்கும் சந்து. மூன்றாவது நாம் திருப்பியே பார்க்காத இடம்: ஜாரின் அடிப்புறத்தில், மோட்டாரோடு பொருந்தும் கப்ளரைச் சுற்றியுள்ள குழிவு. மூன்றிலும் வாடை ஒன்றாக இருக்காது, போகும் வழியும் ஒன்றல்ல. அதனால் முதலில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

மாடி வீட்டு அத்தையின் சட்னி ஜாரை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். “எலுமிச்சம்பழத் தோலைப் போட்டு அரைச்சேன், ஆப்ப சோடாவும் வினிகரும் ஒண்ணா ஊத்தி நுரைக்க விட்டேன், காபித்தூள்கூடப் போட்டுப் பார்த்துட்டேம்மா. ரெண்டு நாள் நல்லா இருக்கு, அப்புறம் பழையபடி ஆயிடுது” என்று ஜாரைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் செய்ததில் காபித்தூள் வாடையை மறைக்குமே தவிர நீக்காது. எலுமிச்சைத் தோலும் பெரும்பாலும் அப்படித்தான். சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றுவது இன்னும் வீண். ஒன்று காரம், ஒன்று அமிலம். பார்க்க நன்றாக நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கும்போது ஒன்றையொன்று தீர்த்துவிட்டு, கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். தனித்தனியாக இரண்டுமே உபயோகமான சாமான்கள், சேர்த்தால் இரண்டுமே வேஸ்ட்.

மூடியிலிருந்து ரப்பரைக் கழற்றினோம். இதற்குக் கத்தி முனை ஆகாது. ரப்பரில் சின்னக் கீறல் விழுந்தாலும் அரைக்கும்போது அந்த இடத்தில் கசியும். ஸ்பூனின் கைப்பிடியை ஓரத்தில் கொடுத்து நெம்பினால் ஓரிடத்தில் தூக்கும். பிறகு விரலாலேயே உருவி எடுத்துவிடலாம். ரப்பரை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினோம். ரப்பர் இல்லாத மூடியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்தோம். ஜாரில் கை பொறுக்கும் சூட்டில் கால் டம்ளர் வெந்நீர் ஊற்றி, மேலே ஒரு தட்டை வைத்தோம். கால் மணி நேரம் கழித்து ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். முகர்வது வேறு யாராவதாக இருப்பது நல்லது. சமையலறையிலேயே நிற்பவரின் மூக்குக்குப் பூண்டு பழகிப்போயிருக்கும்.

அத்தையின் ஜாரில் டப்பாவைத் திறந்ததும் பச்சைப் பூண்டு. மூடியில் ஒன்றுமில்லை. ஆனால் ஜாரிலிருந்த வெந்நீரில் பூண்டு இல்லை. ஊசிப்போன தேங்காய்ச் சட்னியின் வாடை வந்தது. இரண்டு இடத்தில் இரண்டு வாடை. எலுமிச்சைத் தோல் தோற்றதில் ஆச்சரியமில்லை.

பூண்டை நசுக்கும்போது கந்தகம் கலந்த சேர்மங்கள் பல உருவாகின்றன. இவை தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. ரப்பருக்கும் அந்தக் குணம் உண்டு: எண்ணெய்ப்பசையான எதையும் தன்னுள்ளே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். ஆகவே ரப்பரில் உள்ள பூண்டு வாடை மேல் அழுக்கு அல்ல, உள்ளே ஊறியது. தேய்த்தால் போகாது. ஊறியது வெளியே வரக் கொஞ்சம் சூடும், நேரமும், காற்றும் வேண்டும்.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு நீரை விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் ரப்பரின் இரண்டு பக்கமும், நடுவிலுள்ள பள்ளத்திலும் தேய்க்க வேண்டும். மேலே எண்ணெய் இருக்கும்வரை வேறெதுவும் உள்ளே போகாது, அதனால்தான் சோப்பு முதலில். பிறகு ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து, ரப்பரை அரை மணி நேரம் ஊறப் போடலாம். கொதிக்கிற நீர் வேண்டாம். விரலை விட்டால் சுடுகிறது, ஆனால் வைத்திருக்க முடிகிறது என்ற அளவு போதும். எடுத்து அலசி, ஈரத்தைத் துடைத்து, மூடியில் மாட்டாமல் அப்படியே காற்றாட ஓரிரவு விட வேண்டும். பெரும்பாலோர் தவறவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். கழுவிய கையோடு ரப்பரை மூடியில் அழுத்தி, மூடியை ஜாரில் பொருத்தி, அலமாரியில் வைத்துவிடுகிறோம். வெளியே வர வேண்டிய வாடை ஜாருக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. கூடவே பள்ளத்தில் நிற்கும் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கிறது.

ரப்பரைக் கழற்றிய பிறகு மூடியில் அது உட்கார்ந்திருந்த காடியைப் பாருங்கள். சோப்பு நீரில் நனைத்த மெல்லிய துணியைப் பல்குத்தும் குச்சியின் முனையில் சுற்றி, காடியில் ஒரு சுற்று ஓட்டினால் வருவதைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். அத்தையின் மூடியில் முதல் சுற்றில் பழுப்பாக, மாவு போல வந்தது. கறுப்புப் புள்ளிகளாக இருந்தால் அது பூஞ்சை. காடியிலும் ரப்பரின் மேலும் மட்டும் இருந்தால் சோப்பில் தேய்த்து, அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்து அலசினால் போய்விடும். ரப்பருக்குள்ளேயே மை இறங்கியதுபோல் கறுப்புப் படர்ந்திருந்தால் போகாது, புது ரப்பர்தான்.

பிளேடுக்கு அடியில் இருந்தது தேங்காய். இதற்கு வேறு காரணம், வேறு வைத்தியம். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் என்பது மார்கழியில் எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைக்கிற எல்லோருக்கும் தெரியும். அதே வேலை ஜாருக்குள்ளும் நடக்கிறது. சட்னி அரைத்த ஜாரைக் காலையில் ஜில்லென்ற குழாய்த் தண்ணீரில் கழுவினால், தேங்காய்ப் பாலின் கொழுப்பு உறைந்து பிளேடின் அடியில் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் பொட்டுக்கடலையும் பருப்பும் கலந்த துணுக்குகள். நாளாக ஆக அந்தக் கொழுப்பு சிதைந்து அமிலங்கள் பிரிகின்றன. காறல் வாடையும் சிக்கு வாடையும் அவற்றால்தான். அமிலத்தைக் காரம் தீர்க்கும். எனவே ரப்பரில் பூண்டுக்கு ஓரளவே உதவிய ஆப்ப சோடா, இங்கே நேராக வேலை செய்யும்.

ஆனால் எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றக் கூடாது. மாவும் பருப்பும் முட்டையும் சூடு பட்டால் வெந்து, கஞ்சி காய்ந்ததுபோல் இறுகிவிடும். முதலில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, குலுக்கி, கொட்டிவிட வேண்டும். இதில் மாவுச்சத்து போய்விடும். அடுத்துக் கை பொறுக்கும் வெந்நீர், ஒரு சொட்டு சோப்பு. ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். சோப்பு அதிகமானாலும் தண்ணீர் அதிகமானாலும் நுரை மூடியைத் தாண்டி மோட்டார் மேல் வழியும். மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, விட்டு விட்டு அரை நிமிடம் ஓட்டினால் போதும். கொதிக்கும் நீரை ஊற்றி மூடி ஓட்டுவது ஆபத்து. ஆவி சட்டென்று விரிந்து மூடியைத் தூக்கி அடிக்கும்; சுடுநீர் முகத்தில் தெறிக்கும். சூடான ரசப் பருப்பை அப்படியே அரைத்துச் சுவரெல்லாம் மஞ்சளாக்கியவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள்.

ஓட்டியதில் பிளேடின் மேலே, பக்கவாட்டில் இருப்பது போகும். அடியில் இருப்பது போகாது. பிளேடு சுழலும்போது தண்ணீரை வெளிப்பக்கமாக வீசுகிறது, நடுவில் சந்துக்குள் அவ்வளவாக வேகம் இல்லை. அங்கே கைவேலைதான். ஜாரை மோட்டாரிலிருந்து எடுத்துவிட்டு, வெளிச்சம் படும்படி சாய்த்துப் பிடியுங்கள். விரலை உள்ளே விடாதீர்கள்; சட்னி ஜாரின் வாய் குறுகல், பிளேடு நாம் நினைப்பதைவிடக் கூர். நீளமான பல்துலக்கும் பிரஷ் அல்லது பால் புட்டி கழுவும் மெல்லிய பிரஷை பிளேடின் இரண்டு இறக்கைகளுக்கு நடுவே நுழைத்து, அடிப்பக்கமாகச் சுற்றித் தேய்க்க வேண்டும். இறக்கையை பிரஷாலேயே கொஞ்சம் திருப்பிவிட்டு மறைந்திருந்த பக்கத்தையும் தேய்க்கலாம். பிறகும் சிக்கு இருந்தால் ஆப்ப சோடாவில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிரஷ் முனையால் சந்தில் அப்பி, பத்து நிமிடம் கழித்துத் தேய்த்து அலசுங்கள். அத்தையின் ஜாரில் சோடாவோடு சேர்ந்து வந்தது பழுப்பு நிறத்தில் மெழுகுபோல் ஒரு பொருள். விரலில் வைத்துத் தேய்த்தால் வழுக்கியது. பல மாதத்துத் தேங்காயாக இருக்கும்.

சில ஜார்களில் பிளேடைத் தனியாகக் கழற்றலாம். அப்படிப்பட்ட மிக்சியோடு அட்டைப்பெட்டியில் பிளாஸ்டிக் சாவி ஒன்று கொடுத்திருப்பார்கள். எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டில் படம் போட்டிருக்கும். ஜூஸ் ஜார்களில் அடிப்பாகமே மொத்தமாகத் திருகிக் கழலும். அதற்கும் ஜாருக்கும் நடுவில் இன்னொரு ரப்பர் வளையம் இருக்கும். மூடி ரப்பரைவிட இது மோசமான இடம். பழச்சாறு எப்போதும் இதன் மேல்தான் நிற்கிறது, நாமோ கழற்றுவதே இல்லை. திருகிக் கழலாத ஜாரில் ஸ்பானர் வைத்துப் பலம் பிடிக்க வேண்டாம். தண்டு கோணினால் அரைக்கும்போது ஜாரே அதிரும்.

இதே சாக்கில் ஜாரின் உயிர்நாடியையும் சொல்லிவிட வேண்டும். பிளேடு பொருத்தியிருக்கும் தண்டு, ஜாரின் தரையில் புஷ் என்ற சின்ன உலோகக் குழாய் வழியே கீழே இறங்கிக் கப்ளரைச் சேர்கிறது. அந்தப் புஷ்ஷுக்குள் உராய்வைக் குறைக்க எண்ணெயோ கிரீஸோ இருக்கும். ஜாரை சோப்பு வெந்நீரில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டால் வாடையோடு அந்த எண்ணெயும் கரைந்து போகும். பிறகு உலோகத்தின் மேல் உலோகம் காய்ந்து உரசித் தேயும். ஊறவைப்பதென்றால் ஜாருக்குள்ளே கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிடம். தொட்டியில் மூழ்கடிப்பது வேண்டாம்.

புஷ் தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பது சுலபம். மோட்டாரிலிருந்து எடுத்த ஜாரைத் திருப்பி, கப்ளரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சுழல வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. அடுத்து ஜாரில் பாதி தண்ணீர் ஊற்றி, பழைய செய்தித்தாள் மேல் கால் மணி நேரம் வையுங்கள். தாளில் ஈரம் தெரிந்தால் புஷ் கசிகிறது. வெள்ளைச் சட்னி அரைத்தால் பிளேடின் நடுவைச் சுற்றிச் சாம்பல் நிறக் கோடு விழுந்தாலும் அதே கதைதான். அது அழுக்கு அல்ல, தேய்ந்த உலோகமும் கிரீஸும். இதை எந்த சோடாவும் வினிகரும் தீர்க்காது. ரிப்பேர் கடையில் புஷ்ஷையும் தண்டையும் சேர்த்து மாற்றித் தருவார்கள். மாற்றும்வரை அந்த ஜாரில் அரைத்துச் சாப்பிடாமல் இருப்பது நல்லது.

கசிந்தது எங்கே போகும்? மூன்றாவது இடத்துக்கு. ஜாரைத் திருப்பினால் கப்ளரைச் சுற்றிப் பள்ளத்தில் காய்ந்த மாவும் மிளகாயும் அப்பியிருப்பது இதனால்தான். கசியாத ஜாரிலும் மேலே வழிந்தது அங்கே போய்ச் சேரும். இங்கே தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த பிரஷால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். மோட்டாரின் மேலுள்ள குழிவையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே துணியால் துடைத்துவிடலாம். பாதி வாடை சில வீடுகளில் அங்கிருந்துதான் வருகிறது.

வாடை போனாலும் மஞ்சள் கறை நிற்கும். அது மூடியிலும் ரப்பரிலும்தான் நிற்கும், எவர்சில்வரில் அல்ல. மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருவது. அது எண்ணெயில் கரைந்து பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடுகிறது. சோப்புப் போட்டதும் கறை சிவப்பாக மாறுவதைப் பார்த்துச் சிலர் பயந்துவிடுவார்கள். காரம் பட்டால் குர்குமின் குங்குமச் சிவப்பாகும், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு கலப்பது இதற்காகத்தான். அலசினால் மறுபடி மஞ்சளாகும். இந்தக் கறைக்குத் தேய்ப்பைவிட வெயில் மேல். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்து வெளுக்கும். கழுவிய மூடியை ஈரத்தோடு மொட்டை மாடியில் மத்தியான வெயிலில் ஓரிரு மணி நேரம் வைத்தால் கறை பாதியாகக் குறைந்திருப்பது கண்ணுக்கே தெரியும். மறுநாளும் வைக்கலாம். ரப்பரை அவ்வளவு நேரம் விட வேண்டாம். வெயிலிலேயே கிடந்தால் சாதாரண ரப்பர் விறைத்து வெடிக்கும். சிலிகான் வளையமாக இருந்தால் தாங்கும். மூடியைக் கம்பி நாரால் தேய்ப்பது கறைக்கு இடம் கொடுப்பதாகும்: ஒவ்வொரு கீறலிலும் அடுத்த சாம்பார்ப் பொடி போய் உட்காரும்.

ஜாருக்குள் வெள்ளையாகப் படிந்திருப்பது போர்த் தண்ணீரின் உப்பு. இங்கேதான் வினிகருக்கு வேலை. இரண்டு மேசைக்கரண்டி வினிகரும் அதே அளவு தண்ணீரும் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டு, தேய்த்துக் கழுவினால் கரைந்துவிடும். எலுமிச்சைச் சாறும் ஆகும். கருவாட்டுப் பொடியோ இறால் பொடியோ அரைத்த ஜாருக்கும் புளியோ எலுமிச்சையோதான் மருந்து; மீன் வாடை காரத் தன்மை கொண்டது, அமிலம் பட்டால் அடங்கும். பிளீச்சிங் பவுடர் பக்கம் போக வேண்டாம். குளோரின் எவர்சில்வரில் ஊசிக்குத்துப் புள்ளிகளாக அரிக்கும். வினிகரோடோ எலுமிச்சையோடோ சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

பொடி அரைக்கும் ஜாருக்குத் தண்ணீரே தேவைப்படாத ஒரு வழி உண்டு. சாம்பார்ப் பொடி அரைத்து முடித்ததும் ஒரு கைப்பிடி பச்சரிசியைப் போட்டு ஓட்டினால், ஒட்டியிருக்கும் எண்ணெய்ப்பசையை அரிசி மாவு வழித்துக்கொண்டு வந்துவிடும். அந்த மாவைக் குழம்பில் கரைத்து விட்டால் குழம்பும் கெட்டியாகும். கல் உப்பைப் போட்டு ஓட்டினால் பிளேடு கூராகும் என்பார்கள். கூராகாது. சந்தில் தங்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் பிளேடின் அடியில் துருப்புள்ளிதான் மிஞ்சும்.

அத்தையின் ஜார் அன்றே சுத்தமானது. ரப்பர் மட்டும் ஓரிரவு காற்றாடிய பிறகும், டப்பாவில் போட்டு முகர்ந்தபோது லேசாகப் பூண்டைக் காட்டியது. அதன் ஓரம் சப்பையாகி, கையில் பிடித்தால் பிசுபிசுத்தது. இப்படி ஆன ரப்பர் வாடையையும் விடாது, மூடியையும் பிடிக்காது. “புதுசு வாங்கினா இதே அளவு கிடைக்குமா?” என்று கேட்டார். கிடைக்கும், ஆனால் கடைக்குப் பழைய ரப்பரை மட்டும் எடுத்துப் போகக் கூடாது. அது நாள்பட இழுபட்டு ஒரு சுற்றுப் பெரிதாகியிருக்கும். அதை வைத்து அளந்து வாங்கினால் காடியில் உட்காராமல் தளர்ந்து தொங்கும். மூடியைக் கொண்டுபோய், கடையிலேயே மாட்டி, ஜாரில் பொருத்திப் பார்த்து வாங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சோப்பு வெந்நீரில் ஒரு முறை கழுவி, கால் ஜார் தண்ணீரோடு ஓட்டிப் பார்த்தால், மூடியோரத்தில் சொட்டு வருகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். வந்தால் ரப்பர் தலைகீழாக மாட்டியிருக்கலாம். திருப்பிப் போட்டுப் பாருங்கள். பூண்டுக்கு இனி அந்தப் பழைய ரப்பரையே வைத்துக்கொள்ளலாமா என்று அத்தை யோசித்தார். சப்பையாகாத ரப்பராக இருந்தால் அது நல்ல யோசனைதான்: பூண்டு விழுதுக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று.